கேப்ஷனின் முதல் வரியில் ‘விளம்பரம்’ என்று எழுதிய பிறகு

கேள்வி: மேடம், இன்ஸ்டாகிராமில் என் ஓவியங்களைப் போட்டு வருகிறேன். பேனா தயாரிக்கும் ஒரு நிறுவனம் பிரஷ் பேனா செட் ஒன்றை இலவசமாக அனுப்பி, ஒரு பதிவுக்கும் ஒரு ரீலுக்கும் பணம் தருவதாக ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் முதல் வரியிலேயே ‘விளம்பரம்’ என்று போட்டால், அதற்கப்புறம் நான் எழுதுவதெல்லாம் நோட்டீஸ் மாதிரி ஆகிவிடுகிறது. நிறுவனத்துக்காரர், “கடைசியில் ஹேஷ்டேக்கோடு #collab சேர்த்தால் போதும், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், இல்லாவிட்டால் ரீச் விழும்” என்கிறார். விதிப்படியும் சரியாக, என் பேச்சு மாதிரியும் இருக்க எப்படி எழுதுவது? என் கேப்ஷனை இணைத்திருக்கிறேன்.

பதில்:

கடைசியில் சேர்க்கும் #collab போதாது. அது இருக்கும் இடமும் சரியில்லை, அந்தச் சொல்லும் சரியில்லை.

முதலில் இடம். ஃபீடில் ஒருவர் உங்கள் பதிவைக் கடக்கும்போது கேப்ஷனின் தொடக்கம் மட்டும்தான் தெரியும். மீதியைப் படிக்க அவர் அதைத் தட்டித் திறக்க வேண்டும். பெரும்பாலோர் திறப்பதில்லை, படத்தைப் பார்த்து, முதல் வரியைப் படித்து, மனதில் ஒரு கருத்தோடு நகர்ந்துவிடுவார்கள். “நல்ல பேனா போல, இவரே சொல்கிறார்” என்ற அந்தக் கருத்து உருவாகும் நேரத்தில், அதற்குப் பின்னால் பணம் இருக்கிறது என்பது அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். விதிகள் கேட்பது இவ்வளவுதான். ஆஸ்கி எனப்படும் இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் இன்ஃப்ளுயன்சர் வழிகாட்டுதல்கள் 2021 ஜூன் 14 முதல் நடைமுறையில் உள்ளன. தட்டித் திறந்தால்தான் தெரியும் இடத்திலோ, ஹேஷ்டேக் கூட்டத்துக்கு நடுவிலோ அறிவிப்பை வைக்கக் கூடாது என்று அவை சொல்கின்றன. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2019இல் இன்ஃப்ளுயன்சர்களுக்காக வெளியிட்ட கையேடும் இதையேதான் சொல்கிறது. நீங்கள் வேறு நாட்டிலிருந்து பதிவிட்டாலும், அது அமெரிக்க நுகர்வோரைப் பாதிக்கும் என்று எதிர்பார்க்க முடிந்தால் அமெரிக்கச் சட்டம் பொருந்தும் என்றும் அதில் இருக்கிறது. தமிழில் எழுதும் உங்களைப் பின்தொடர்பவர்கள் ஒரே நாட்டில் இருக்க வாய்ப்பில்லை. அதனால் ஒவ்வொரு நாட்டு விதியையும் தேடி அலைவதைவிட, எல்லாவற்றிலும் கடுமையானதற்கு ஏற்ப ஒரே மாதிரி எழுதிவிடுவது எளிது.

தமிழில் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் சொற்கள் நீளமானவை. ஒரு வரியில் ஆங்கிலத்தில் அடங்கும் அளவுக்குச் செய்தி தமிழில் அடங்காது. கணினியில் தட்டெழுதும்போது “முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டேனே” என்று தோன்றும். போனில் பார்த்தால் அந்த வாக்கியத்தின் பாதியிலேயே கேப்ஷன் மடங்கியிருக்கும். ரீலில் தெரியும் பகுதி இன்னும் குறைவு. எனவே முதல் வாக்கியத்தில் சொன்னால் போதும் என்று இருக்க வேண்டாம். முதல் சொல்லிலேயே சொல்லிவிடுங்கள். எந்தப் போனில் எங்கே வெட்டினாலும் முதல் சொல் தப்பித்துவிடும்.

அடுத்தது சொல். ‘கொலாபரேஷன்’ என்ற முழுச்சொல்லை ஆஸ்கி ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் வைத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் #collab, #sp போன்ற சுருக்கங்கள் பார்ப்பவருக்குப் புரியாது என்று அமெரிக்கக் கையேடு அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. உங்கள் விஷயத்தில் சிக்கல் இன்னும் பெரிது. ஓவியர்களின் உலகில் ‘கொலாப்’ என்றால் இரண்டு பேர் சேர்ந்து ஒரு படம் வரைவது. இன்ஸ்டாகிராமிலேயே இரண்டு கணக்குகள் சேர்ந்து ஒரு பதிவைப் போடும் வசதிக்கும் அந்தப் பெயர்தான். அதைப் பார்க்கும் ஒருவர், அந்த நிறுவனத்தின் கலைஞரோடு சேர்ந்து நீங்கள் வரைந்த படம் என்று நினைக்கலாம். பணம் என்ற எண்ணமே அவருக்கு வராது. ‘நன்றி’ என்று சொல்லி நிறுவனத்தை டேக் செய்வதும் இதே வகைதான். எதற்கு நன்றி என்று சொல்லாதவரை அது அறிவிப்பு ஆகாது.

‘விளம்பரம்’ என்றே எழுதுங்கள். இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, பரிந்துரை எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் அறிவிப்பும் இருக்க வேண்டும். அமெரிக்கக் கையேடும் அப்படியே சொல்கிறது. தமிழ்க் கேப்ஷனின் தலையில் #ad என்று மட்டும் போட்டால், அதைக் கவனிக்காமல் தாண்டிவிடுபவர்கள் இருப்பார்கள். கேப்ஷனின் கீழே ஆங்கிலத்திலும் எழுதும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், அந்தப் பகுதியின் தொடக்கத்தில் ஆங்கிலத்திலும் ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

சரி, இதெல்லாம் எளிதான பாதி. உங்கள் உண்மையான கேள்வி, அந்தச் சொல்லைப் போட்ட பிறகு கேப்ஷன் ஏன் நோட்டீஸ் மாதிரி ஆகிறது என்பது. நீங்கள் அனுப்பிய கேப்ஷனைப் பார்ப்போம்.

“ரொம்ப நாளா என் ஸ்கெட்ச் புத்தகத்துக்கு ஏத்த ஒரு பிரஷ் பேனாவைத் தேடிட்டு இருந்தேன். கடைசியில கிடைச்சிடுச்சு! அடர்த்தியான கறுப்பு, நொடியில காயும் மை, மேல வாட்டர்கலர் போட்டாலும் கலையவே கலையாது. கலைஞர்களுக்காகவே உருவாக்கப்பட்ட துல்லியமான முனை. நீங்களும் ஒருமுறை வாங்கிப் பாருங்க!”

இதன் தலையில் ‘விளம்பரம்’ என்று வைத்தவுடன் ஏதோ இடிக்கிறது என்று உங்களுக்கே தோன்றியிருக்கிறது. அந்த உணர்வு சரியானது. ஆனால் இடிப்பது அந்தச் சொல் இல்லை. “தேடிட்டு இருந்தேன், கடைசியில கிடைச்சிடுச்சு” என்பது, சொந்தமாகத் தேடிச் சொந்தக் காசில் வாங்கியவர் சொல்லும் கதை. நடந்தது வேறு: நிறுவனம் உங்களைத் தேடி வந்தது, பேனாவை அனுப்பியது. மேலே ‘விளம்பரம்’ என்று சொல்லிவிட்டுக் கீழே தேடிக் கண்டுபிடித்த கதையைச் சொன்னால் இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கும். படிப்பவருக்கு எது தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும், குரல் சரியில்லை என்பது தெரிந்துவிடும். நீங்கள் ‘நோட்டீஸ் மாதிரி’ என்கிறீர்களே, அது இங்கிருந்துதான் வருகிறது.

இன்ஃப்ளுயன்சர் கேப்ஷன்களைச் சரிபார்ப்பதுதான் என் தொழில். அதில் நான் முதலில் தேடுவது இந்த மாதிரி வாக்கியங்களைத்தான். “தற்செயலாகக் கண்ணில் பட்டது”, “தோழி சொல்லித்தான் தெரியும்”, “இதை மாற்றவே மனம் வரவில்லை”, “எல்லாரும் கேட்டீர்களே என்ன பேனா என்று”. இவை நடந்தவையாக இருந்தால் தாராளமாக எழுதலாம். நடக்காதபோது, எந்த லேபிளும் அவற்றைக் காப்பாற்றாது. லேபிள் சொல்வது பணம் கைமாறியது என்பதை மட்டும். அதற்குக் கீழே எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் தன்னளவில் உண்மையாக இருக்க வேண்டும்.

உங்கள் கேப்ஷனில் அடுத்து வருபவை வேறு யாருடைய குரலோ. “கலைஞர்களுக்காகவே உருவாக்கப்பட்ட துல்லியமான முனை” என்ற வரியை நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள். நிறுவனம் அனுப்பிய குறிப்பிலிருந்து வந்திருக்கும். “நொடியில காயும்”, “கலையவே கலையாது” என்ற இரண்டும் சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்றுகள். நீங்கள் சோதித்தீர்களா? பிரஷ் பேனா மையைப் பொறுத்தவரை, தண்ணீரில் கரையாது என்று சொல்லப்படும் மையும் முழுக்கக் காய்ந்த பிறகுதான் கரையாமல் நிற்கும். எவ்வளவு நேரத்தில் காயும் என்பது தாளையும் கோட்டின் தடிமனையும் பொறுத்தது. வழவழப்பான தாளில் மை மேலேயே நின்று மெதுவாகக் காயும். இது உங்களுக்கு நன்றாகவே தெரிந்த விஷயம். உங்களைப் பின்தொடர்பவர்கள் உங்களிடமிருந்து கேட்க விரும்புவதும் இதைத்தான். அதை விட்டுவிட்டு நிறுவனத்தின் வரியைப் போட்டதால்தான் கேப்ஷன் உங்கள் பேச்சாக இல்லை.

எனவே என் யோசனை: அறிவிப்பை ஒரு முத்திரை போல மேலே குத்திவிட்டு, அதற்குக் கீழே வேறு குரலில் புதிதாகத் தொடங்காதீர்கள். அறிவிப்பே உங்கள் முதல் வாக்கியமாக இருக்கட்டும். யார், என்ன தந்தார்கள் என்பதை நீங்கள் பேசுகிற மாதிரியே சொல்லுங்கள். இரண்டாவது வாக்கியம் அதிலிருந்து பிறக்கட்டும். இப்படி:

“விளம்பரம்: இந்த பிரஷ் பேனா செட்டை அனுப்பி, இந்தப் பதிவுக்குப் பணமும் தந்தது @நிறுவனம். கைக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது, இதன் மேல் வாட்டர்கலர் போட்டால் கோடு கலைகிறதா என்றுதான். வரைந்த கையோடு தண்ணீர் தடவினால் ஓரம் மங்குது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து தடவினேன், கோடு அசையல. முனை நல்லா வளையுது. மெல்லிய கோட்டிலிருந்து பட்டையான கோட்டுக்குக் கை தூக்காமல் போக முடியுது. சொரசொரப்பான வாட்டர்கலர் தாளில் முனை பிசிறடிக்க ஆரம்பிச்சது, அதனால வழவழப்பான தாளுக்கு மட்டும் இதை வச்சிருக்கேன். இந்தப் படத்தில் இலை நரம்பெல்லாம் இதுதான், பின்னணி வாட்டர்கலர்.”

சோதனை முடிவுகளை நான் உங்களுக்காகக் கற்பனை செய்து எழுதியிருக்கிறேன். அங்கே உங்கள் கையில் நிஜமாக நடந்ததை வையுங்கள். கவனிக்க வேண்டியது இணைப்பை. நிறுவனம் அனுப்பியதை முதல் வாக்கியம் சொல்கிறது, “கைக்கு வந்ததும்” என்று அடுத்தது தொடங்குகிறது. அறிவிப்பு கதையின் முதல் நிகழ்ச்சி ஆகிவிடுகிறது. அதைத் தனியாகக் கழற்றி எடுக்க முடியாது, அதனால் துருத்திக்கொண்டும் நிற்காது. இதைவிடச் சுருக்கமாக வேண்டுமென்றால் “விளம்பரம், @நிறுவனத்துக்காக.” என்று எழுதி அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடலாம், அதுவும் போதுமானது. இருந்தாலும், பணமும் பொருளும் வந்தன என்று முழுதாகச் சொல்லும் வாக்கியம்தான் பேச்சுக்கு அருகில் இருக்கிறது என்பது என் கருத்து. நேரில் ஒரு தோழியிடம் இந்தப் பேனாவைக் காட்டினால் நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள்: “அவங்களே அனுப்பினாங்க, எழுதுறதுக்குக் காசும் குடுத்தாங்க. ஆனா பேனா நல்லாத்தான் இருக்கு, பாரேன்.”

இரண்டாவது வாக்கியத்துக்கு விஷயம் கிடைக்காமல் திணறினால், மூன்று இடங்களில் தேடலாம். இந்த வேலையை ஏன் ஒப்புக்கொண்டீர்கள்? பொருள் வந்ததும் முதலில் எதைச் சோதித்தீர்கள்? யாருக்கு இது வேண்டாம் என்று சொல்வீர்கள்? மூன்றாவதுதான் பல நேரம் நல்ல கேப்ஷனைத் தரும். “ஏற்கெனவே மைத்தொட்டியும் தூரிகையும் வச்சு வரையுறவங்களுக்கு இது தேவைப்படாது” என்ற ஒரு வரி, பத்துப் புகழ்ச்சி வரிகளைவிட அதிகம் சொல்லும். வாங்க வேண்டியவர் யார் என்பதும் அதிலேயே தெளிவாகிவிடும்.

“பணம் வாங்கினாலும் இது முழுக்க என் சொந்தக் கருத்து” என்ற வாக்கியத்தைப் பலர் பழக்கத்தில் சேர்க்கிறார்கள். உங்கள் ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியிடுமுன் கேப்ஷனை நிறுவனம் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று அதில் இருந்தால், அவர்கள் ஒரு வரியையாவது மாற்றியிருந்தால், ‘முழுக்க’ என்பது பொய். அப்போது அந்த வாக்கியத்தையே விட்டுவிடலாம். எந்த விதியும் அதைக் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்ல விருப்பமிருந்தால், “பதிவை வெளியிடும் முன் அவர்களிடம் காட்டினேன், எதையும் மாற்றச் சொல்லவில்லை” என்று எழுதலாம், அது உண்மையாக இருந்தால்.

இன்ஸ்டாகிராமில் பெயருக்குக் கீழே வரும் Paid partnership லேபிளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதைக் கட்டாயம் போட வேண்டும். நிறுவனத்துக்காகப் பணம் பெற்றுப் போடும் பதிவுகளில் அதைப் பயன்படுத்தச் சொல்வது தளத்தின் சொந்த விதி. அது இருப்பதால் கேப்ஷனில் சொல்ல வேண்டியதில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். தளத்தின் லேபிள் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது ஆஸ்கி. அது மட்டுமே போதும் என்று கருதாதீர்கள் என்கிறது அமெரிக்கக் கையேடு. காரணம் புரிந்துகொள்ள எளிது. அந்த எழுத்து சிறியது. கண் அங்கே போகும் முன் படத்துக்குப் போய்விடுகிறது. அது எந்த மொழியில் வரும் என்பதும் உங்கள் கையில் இல்லை.

இப்போது ரீல். இங்கேதான் நன்றாக எழுதுபவர்கள்கூடக் கோட்டை விடுகிறார்கள், ஏனென்றால் கேப்ஷனில் சொன்னதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ரீலைப் பார்ப்பவர் கேப்ஷனைப் பார்ப்பதே இல்லை என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். அறிவிப்பு வீடியோவுக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆஸ்கி இதற்கு அளவே கொடுத்திருக்கிறது: 15 விநாடி வரையிலான வீடியோவில் லேபிள் குறைந்தது 3 விநாடி தெரிய வேண்டும். 15 விநாடிக்கு மேல், 2 நிமிடத்துக்குள் என்றால் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. 2 நிமிடமோ அதற்கு மேலோ என்றால், பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுக்க. உங்கள் ரீல் 45 விநாடி என்றால் 15 விநாடி. அந்தப் 15 விநாடி தொடக்கத்திலேயே இருக்கட்டும். முடிவில் வைத்தால், பாதியில் நகர்ந்தவருக்குச் சொல்லாமல் விட்டதாகிவிடும்.

எழுத்தை எங்கே வைப்பது என்பதில் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. எடிட் செய்யும்போது திரையின் அடிப்பகுதி காலியாகத் தெரியும். வெளியிட்ட பிறகு அங்கே உங்கள் கணக்குப் பெயரும் கேப்ஷனும் பாட்டுப் பெயரும் வந்து உட்காரும். வலது ஓரத்தில் லைக், கமென்ட் பொத்தான்கள். அங்கே ‘விளம்பரம்’ என்று வைத்தால் மறைந்துவிடும். திரையின் மேல்பாதியில், பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும் நிறத்தில் வையுங்கள். உங்கள் வீடியோவில் வெள்ளைத் தாள்தான் பெரும்பாலும் நிறைந்திருக்கும், அதனால் வெள்ளை எழுத்து வேண்டாம். ரீலில் நீங்கள் பேசுகிறீர்கள் என்றால் வாயாலும் சொல்லிவிடுங்கள்: “இந்தப் பேனாவை இவங்க அனுப்பினாங்க, இந்த வீடியோவுக்குக் காசும் குடுத்திருக்காங்க. வாங்க, தண்ணி ஊத்திப் பார்க்கலாம்.” ஒலியில்லாமல் பார்ப்பவருக்கு எழுத்து, திரையைப் பார்க்காமல் கேட்பவருக்குக் குரல். பேச்சில் சொல்லும்போது அது கேப்ஷனைவிடவும் இயல்பாக வந்துவிடும் என்பதை நீங்களே பார்ப்பீர்கள். கேப்ஷன் எழுதத் திணறும் பலரிடம் நான் சொல்வது, முதலில் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள், பிறகு அதை எழுத்தாக்குங்கள் என்றுதான்.

பணம் இல்லாமல் பொருள் மட்டும் வந்தாலும் சொல்ல வேண்டும். இந்திய அரசின் வழிகாட்டியில் பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், தள்ளுபடி, பரிசு, பயணம், தங்கும் வசதி, ஏன், குடும்ப உறவும் வேலை உறவும்கூட அறிவிக்க வேண்டிய தொடர்பாகவே வருகின்றன. எழுதியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல் பொருளை அனுப்பியிருந்தாலும் சரி. அப்போதும் வாக்கியம் நடந்ததைச் சொல்லட்டும்: “விளம்பரம்: இந்தப் பேனாவை @நிறுவனம் இலவசமாக அனுப்பியது. பணம் எதுவும் தரவில்லை.” உங்கள் லிங்க் வழியாக யாராவது வாங்கினால் கமிஷன் வரும் என்றால், அதை அந்த லிங்க்குக்கு மேலேயே சொல்லுங்கள். புரொஃபைலில் ஒருமுறை பொதுவாக எழுதி வைத்தது இதற்கு உதவாது.

ரீச் விழும் என்று நிறுவனத்துக்காரர் சொன்னதற்கு வருகிறேன். ‘விளம்பரம்’ என்று பார்த்ததும் நகர்ந்துவிடுபவர்கள் சிலர் இருக்கத்தான் செய்வார்கள். நகர்வதா, நின்று படிப்பதா என்று முடிவு செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கிறது, அந்த முடிவை எடுக்கத் தேவையான தகவல்தான் இந்த அறிவிப்பு. அவர்கள் நகர்ந்துவிடக் கூடாது என்பதற்காக அதை மறைத்துவைப்பது, அவர்களுக்குத் தெரியாமல் அவர்களிடம் விற்பது. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. உங்களுக்கும் இல்லை என்று உங்கள் கடிதம் சொல்கிறது.

அவருக்குப் பதில் எழுதும்போது கோபப்பட வேண்டியதில்லை. அவர் சார்ந்த நிறுவனத்தையும் சட்டம் பிடிக்கும் என்பதை நினைவூட்டினால் போதும். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு உற்பத்தியாளருக்கும் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடியும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பரிந்துரைப்பவரை ஓராண்டு வரை விளம்பரங்களிலிருந்து தடை செய்யவும் இடமிருக்கிறது. மின்னஞ்சலை இப்படி எழுதலாம்:

“வணக்கம். பதிவின் கேப்ஷன் ‘விளம்பரம்’ என்ற சொல்லோடு தொடங்கும். ரீலில் முதல் 15 விநாடி அதே சொல் திரையில் இருக்கும். Paid partnership லேபிளும் போடுவேன். இது உங்கள் நிறுவனத்துக்கும் எனக்கும் சேர்த்துத் தேவைப்படுவது, அதனால் இதை மாற்ற முடியாது. மையின் தன்மை பற்றி நான் சோதித்துப் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். நீங்கள் குறிப்பாகச் சொல்ல விரும்பும் விவரம் இருந்தால், அதற்கான ஆதாரத்தோடு அனுப்புங்கள். பொருளைப் பற்றிய தகவல் பிழை இருந்தால் திருத்திக்கொள்கிறேன்.”

இதில் அவர்களுக்குத் திருத்தும் உரிமை எதில் உண்டு, எதில் இல்லை என்பது பிரிந்துவிடுகிறது. முனையின் அளவைத் தவறாக எழுதியிருந்தால் அவர்கள் சொல்லலாம். சொரசொரப்பான தாளில் பிசிறடிக்கிறது என்ற வரியை எடுக்கச் சொன்னால் மறுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. வாட்டர்கலர் போடுபவர்களிடம் அந்தத் தாள்தான் அதிகம் இருக்கும். அந்த வரி போய்விட்டால், கேப்ஷன் அவர்களைத் தவறான பக்கம் அனுப்பும். ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் இந்த நிபந்தனைகளை அதற்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். போட்டாகிவிட்டது என்றால் இந்த மின்னஞ்சலுக்கு எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவைப் போடுமுன், விஷயம் தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுத்து, ஃபீடில் கடந்து போவது போல ஓரிரு விநாடி மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். வாங்கிக்கொண்டு, “இது என்ன பதிவு?” என்று கேளுங்கள். “ஏதோ பேனா விளம்பரம்” என்று சொன்னால் இடமும் சொல்லும் சரியாக இருக்கின்றன. “நீ வரைஞ்ச படம்” என்று மட்டும் சொன்னால் முதல் வரியை மறுபடி பாருங்கள். கேப்ஷன் முழுவதையும் அவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் அவர் குரல் செய்தி வாசிப்பவர் போல மாறுகிறதோ, அந்த வரி பெரும்பாலும் நிறுவனத்தின் குறிப்பிலிருந்து வந்ததாக இருக்கும்.

வெளியிட்ட பிறகு கமென்டில் யாராவது “வேற எந்தப் பேனா நல்லா இருக்கும்?” என்று கேட்டால், வழக்கம்போல உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். போட்டி நிறுவனங்களைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தால், எத்தனை நாளைக்கு என்று பார்த்து வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் கேட்பவரிடம் “இப்போது இவர்களோடு ஒப்பந்தத்தில் இருக்கிறேன், அதனால் மற்றதைப் பற்றிச் சொல்ல முடியாது” என்று சொல்லிவிடுங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு இதே பேனாவால் வரைந்த படத்தைப் போட்டு அதன் பெயரைக் குறிப்பிட நேர்ந்தால், முன்பு அவர்களிடம் பணம் வாங்கியதை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே வேறு நிறுவனங்களுக்காகப் போட்ட பதிவுகளில் அறிவிப்பு அடியில் கிடந்தால், கேப்ஷனைத் திருத்த இன்ஸ்டாகிராம் அனுமதிக்கிறது. பழைய பதிவையும் யாராவது இன்று பார்த்து வாங்கக்கூடும் என்பதால், அவற்றையும் திறந்து முதல் சொல்லை மாற்றிவிடுங்கள்.